மீதிப் பணமும் மறுசொல்லும்

கோலாலம்பூரில் 1975-இல் ஓடத் தொடங்கி 1998-இல் நிறுத்தப்பட்ட இளஞ்சிவப்பு மினி பஸ்களில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்தான். எண்பதுகளின் பிற்பகுதியில் செந்தூலிலிருந்து ஜாலான் ஈப்போ, சௌக்கிட் வழியாகக் கோத்தா ராயாவுக்கு ஓடிய வண்டியொன்றில் நான் கண்டக்டராக இருந்தபோது அது ஐம்பது காசு. பெரிய பஸ்களில் தூரத்துக்கு ஏற்ற கட்டணம் என்பதால், எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டுக் கேட்டே கண்டக்டருக்கும் பயணிக்கும் மனஸ்தாபம் வந்துவிடும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் சண்டைகள் எல்லாம் நிற்க இடம், மீதிப் பணம் என்ற இரண்டைச் சுற்றியே நடந்தன.

இடத்தைப் பற்றிய சண்டைக்குக் காரணம் எங்கள் சம்பளம். அன்றைய வசூலைப் பொறுத்தே எனக்கும் டிரைவருக்கும் கூலி என்பதால், படிக்கட்டில் நிற்கும் ஒவ்வொருவரும் எங்கள் கண்ணுக்கு ஐம்பது காசாகவே தெரிந்தார்கள். "மாசோக், மாசோக், பெலாகாங் கோசோங்" என்று பின்பக்கம் காலியாக இருப்பதாகக் கூவிக்கொண்டே இருப்பேன். பின்பக்கம் காலியாக இல்லை என்பது எனக்கும் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். அதனால் அதைப் பொய் என்று யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பதில் மட்டும் வரும். கூடை வைத்திருக்கும் சீன மூதாட்டி மலாயில், "காலியா இருந்தா நீயே போய் நில்லு" என்பார். தமிழர் ஒருவர், "தம்பி, பின்னால காலியா இருக்கிறது கூரை மட்டும்தான், ஏணி குடு" என்பார். வண்டி சிரிக்கும், நாலு பேர் அரை அடி நகர்வார்கள், இன்னும் இருவர் ஏறுவார்கள்.

இதில் யாரும் எழுதிவைக்காத ஒழுங்கு ஒன்று இருந்தது. கண்டக்டர் கூட்டத்தை மொத்தமாக எவ்வளவு வேண்டுமானாலும் அதட்டலாம். ஓர் ஆளைச் சுட்டி, அவர் உடம்பையோ மூட்டையையோ குறித்துப் பேசக் கூடாது. பயணி கண்டக்டரை நேராகவே குத்தலாம். அதற்குக் கண்டக்டர் ஒரு மறுசொல் சொல்லலாம், பயணி இன்னொன்று சொல்லலாம், அதோடு முடிய வேண்டும். கடைசிச் சொல் பயணிக்கு உரியது. வண்டியை நிறுத்துவதும் கிளப்புவதும் எங்கள் கையில் இருந்தபோது வாயையும் நாங்களே வெல்ல நினைத்தால் அது வம்பாக மாறிவிடும் என்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். தவிரவும், இன்று வாயடைத்து அனுப்பிய ஆள் நாளைக் காலை அதே நிறுத்தத்தில் நிற்பார். பின்னால் வரும் வண்டிக்குக் கை காட்டிவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

மொழியிலும் ஓர் எல்லை உண்டு. எல்லோருக்குமான அதட்டல் மலாயில்தான் வர வேண்டும். தமிழ்ப் பயணியோடு தமிழில் வம்பளக்கலாம், அது உறவு கொண்டாடுவதுபோல. ஆனால் மலாய்க்காரரையோ சீனரையோ பற்றித் தமிழில் ஏதாவது சொல்லி, தமிழர்கள் மட்டும் சிரித்தார்கள் என்றால் காரியம் கெட்டது. சொன்னது என்னவென்று அவருக்குப் புரியாது. சிரிப்பு யாரைப் பார்த்து வந்தது என்பது நன்றாகப் புரியும். அப்படிப் பேசிய கண்டக்டரை மற்ற கண்டக்டர்களே சாப்பாட்டுக் கடையில் வைத்துக் கண்டிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மீதிப் பணத்தின் கதை இன்னும் நுணுக்கமானது. காலை ஏழு மணிக்குப் பையில் சில்லறை குறைவாக இருக்கும் நேரத்தில் ஒருவர் பத்து வெள்ளி நோட்டை நீட்டுவார். உடனே மீதி கொடுத்தால் இருக்கிற சில்லறை தீர்ந்துவிடும். அதன் பிறகு ஒரு வெள்ளி நீட்டுகிற ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே நோட்டை வாங்கி, நீளவாக்கில் மடித்து, விரலிடுக்கில் எல்லோர் கண்ணிலும் படும்படி செருகிக்கொள்வேன். "அண்ணன் பத்து வெள்ளி, பாக்கி ஒன்பதரை" என்று உரக்கவும் சொல்வேன். அது அவருக்குச் சொல்வதல்ல, பக்கத்தில் நிற்பவர்களைச் சாட்சியாக்குவது. மீதி கொடுக்கும்வரை அந்த நோட்டு பைக்குள் போகக் கூடாது. போய்விட்டால், கொடுத்தது பத்தா ஐந்தா என்ற வழக்கைத் தீர்க்க ஆண்டவனே வந்தாலும் முடியாது.

அப்படி ஒரு நாள், மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் ஜாலான் ஈப்போவில் ஏறிப் பத்து வெள்ளியை நீட்டினார். "என்ன அண்ணே, காலையிலேயே பேங்க் திறந்துட்டாங்களா?" என்றேன். "உன் பையில இல்லைன்னா பேங்க்குக்கு நீதான் போகணும்" என்றார். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். கணக்குப்படி பேச்சு அங்கே முடிந்துவிட்டது. சௌக்கிட்டில் கூட்டம் ஏற ஏற அவருக்குப் பதற்றம் வந்துவிட்டதுபோலும். "நாலு எழுத்துப் படிச்சிருந்தா இந்தப் படிக்கட்டுல தொங்குவியா? என் காசைக் குடு" என்றார்.

எல்லை தாண்டியதைக் குரலின் உயரத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. இதைவிட உரக்கக் கத்தியவர்களோடு நான் சிரித்துப் பேசியிருக்கிறேன். அதுவரை சிரித்த முகங்கள் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பியதுதான் அடையாளம். பொதுவாகக் குத்துவது வேலையை நோக்கி வரும். இது ஆளை நோக்கி வந்துவிட்டது. இப்படியான நேரத்தில் முதலில் பணத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்று எனக்கு முன்னரே இந்தத் தடத்தில் இருந்தவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாக்கி கையில் இருக்கும்வரை கண்டக்டர் எது பேசினாலும் அது பணத்தை வைத்துக்கொண்டு பேசுவதாகத்தான் ஆகும். இரண்டு பயணிகளிடம் நோட்டு மாற்றி, ஒன்பதரையை அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன். "ஒன்பதரை, சரியா பாருங்க சார்" என்றேன். அண்ணன் சார் ஆனதை அவரும் கவனித்தார், வண்டியும் கவனித்தது. அதற்கு மேல் நான் பேசவில்லை; பேசவேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் கோத்தா ராயாவரை அவருக்கு நகர்ந்து வழிவிட யாரும் அவசரப்படவில்லை.

அந்த ஒன்பதரையை முழுக்கப் பத்துக் காசு நாணயங்களாகக் கொட்டிப் பழிவாங்கியிருக்கலாமே என்று பின்னர் ஒரு நண்பர் கேட்டார். சிலர் செய்ததுண்டு. எனக்கு அது பிடிக்காது. நாணயத்தை எண்ணி முடிக்கும்வரை வாசலில் நிற்கும் ஆள் நகர மாட்டார், தண்டனை பின்னால் காத்திருக்கும் இருபது பேருக்கு. அதுவுமன்றி, அன்றைய சில்லறை முழுவதையும் ஒரே ஆளின் கோபத்துக்குச் செலவழிப்பது தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமல்ல. அவர் அடுத்த வாரமும் எங்கள் வண்டியில் ஏறினார். ஐம்பது காசைச் சரியாக வைத்திருந்தார். நான் மறுபடி "அண்ணே" என்றே அழைத்தேன்.

மினி பஸ்கள் போனபின் வந்த வண்டிகளில் கண்டக்டர் இல்லை. டிரைவர் பக்கத்தில் காசுப் பெட்டி இருந்தது. பெட்டி மீதி தராது. பத்து வெள்ளியோடு ஏறுபவர் பக்கத்தில் இருப்பவர்களிடம் சில்லறை கேட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. இப்போது அட்டையைத் தட்டினால் போதும், மீதி என்ற பேச்சே இல்லை. ஆனால் வாசலை அடைத்து நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே போகச் சொல்லும் வேலை பயணிகள் தலையில் விழுந்திருக்கிறது, ஒரு பயணி இன்னொரு பயணியிடம் அதைச் சொன்னால் பெரும்பாலும் சண்டையில்தான் முடிகிறது.