ஐஸ் ஆலைக் கடனும் மின்பட்டியலைப் பிரித்தெடுத்த பாடும்

யாழ்ப்பாணத்தின் குருநகர்ப் பக்கத்தில் நாங்கள் நடத்தும் சிறிய ஐஸ் ஆலைக்கு இரண்டாவது கொம்பிரசர் வாங்குவதற்காக வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தோம். காணி உறுதி, வியாபாரப் பதிவு, பிணையாளர்கள் என்பவற்றில் எந்தச் சிக்கலும் வரவில்லை. செயற்றிட்ட அறிக்கையின் ஒரேயொரு பக்கத்தில்தான் எல்லாம் நின்றுபோயிற்று. அது சமப்பாட்டுப் புள்ளிக் கணக்கு, அதாவது மாதம் எத்தனை கட்டி விற்றால் இலாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்போம் என்ற கணக்கு.

அறிக்கையைக் கூலிக்குத் தயாரித்துத் தந்தவர் நிலையான கிரயம், மாறும் கிரயம் என்று இரண்டு நிரல் மட்டும் போட்டிருந்தார். ஐம்பது கிலோக் கட்டி ஒன்றின் விலை 400 ரூபா. பவுசர் நீர், உப்பு, ஏற்றுகூலி ஆகியவற்றுக்குக் கட்டிக்கு 100 ரூபா. வாடகை, சம்பளம் முதலிய நிலையான செலவுகள் மாதம் 270,000 ரூபா. இவற்றில் பிழையில்லை. ஆனால் மின்சாரத்தை முழுவதும் மாறும் கிரயமாகக் கொண்டு, கூடுதலாக விற்ற மாதத்தின் பட்டியலைக் கட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, கட்டிக்கு 103 ரூபா என்று எழுதிவிட்டார். அதனால் ஒரு கட்டியின் பங்களிப்பு, அதாவது விலையில் மாறும் கிரயம் போக மிஞ்சுவது, 197 ரூபாவாகவும் சமப்பாட்டுப் புள்ளி ஏறக்குறைய 1,370 கட்டிகளாகவும் வந்தன.

வங்கி உத்தியோகத்தர் கோப்பைத் திருப்பித் தந்தபோது, “சமப்பாட்டுக் கணக்கைத் திருத்தவும்” என்ற ஒற்றை வரியைத் தவிர வேறு விளக்கம் தரவில்லை. எந்த இலக்கத்தைத் திருத்துவது என்று கேட்டதற்கு, அறிக்கை எழுதியவரைக் கேளுங்கள் என்றார். அறிக்கை எழுதியவரோ இலக்கங்கள் யாவும் சரியென்று சாதித்தார். அந்த அலைச்சலின் எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஆலையில் வேலை செய்த எவருக்கும் அந்த 103 ரூபா உண்மையில்லை என்று தெரியும். கட்டி விற்றாலும் விற்காவிட்டாலும் உப்புநீர்த் தொட்டியைப் பூச்சியத்துக்குக் கீழே குளிராகவே வைத்திருக்க வேண்டும். அதற்காக இரவிலும் கொம்பிரசர் இடைக்கிடை ஓடும், உப்புநீரைக் கலக்கும் விசிறி சுழலும். இந்தப் பகுதி உற்பத்தியோடு மாறுவதில்லை. அதன் மேல், தொட்டியில் இறக்கும் ஒவ்வொரு அச்சு நீரையும் உறைய வைக்கும் மின்சாரம் கட்டிக்குக் கட்டி ஏறும். ஒரே பட்டியலுக்குள் இரண்டு குணமும் இருப்பதால் இது அரைமாறும் கிரயம். சமப்பாட்டுக் கணக்குக்குள் இதை அப்படியே கொண்டுபோக முடியாது. பிரித்த பின்னர்தான் கொண்டுபோகலாம்.

வற்புறுத்தியதன் பேரில் அறிக்கை எழுதியவர் மின்செலவை உயர்-தாழ் முறையில் பிரித்துத் தந்தார். கூடிய மாதத்துக்கும் குறைந்த மாதத்துக்கும் இடையிலான செலவு வேறுபாட்டைக் கட்டிகளின் வேறுபாட்டால் வகுப்பது அந்த முறை. 2024 டிசம்பரில் 1,000 கட்டி, 175,000 ரூபா; 2025 மார்ச்சில் 2,600 கட்டி, 268,000 ரூபா. இதன்படி கட்டிக்கு 58 ரூபா, நிலையான பகுதி 117,000 ரூபா, சமப்பாட்டுப் புள்ளி 1,600. அதையும் வங்கி ஏற்கவில்லை. இம்முறையும் காரணம் சொல்லப்படவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் அயலில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கியல் ஆசிரியர். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்த மாத்திரத்தில், “தம்பி, ரூபாயை விடும், அலகை எடும்” என்றார். 2025 ஜனவரியில் மின்கட்டணம் சராசரியாக 20 சதவீதம் குறைக்கப்பட்டது. டிசம்பர்ப் பட்டியல் பழைய வீதத்திலும் மார்ச்சுப் பட்டியல் புதிய வீதத்திலும் இருந்தன. குறைந்த மாதத்தில் வீதம் கூடுதலாக இருந்ததால் கட்டிக்கான மின்செலவு சுருங்கி, நிலையான பகுதி வீங்கிவிட்டது. அதே 2025 ஜூனில் கட்டணம் மறுபடியும் 15 சதவீதம் ஏறியது. ஆகவே அந்த ஆண்டின் பட்டியல்களை ரூபாவில் ஒப்பிட்டுக் கணக்குப் போடும் எவருக்கும் இதே பொறி காத்திருக்கிறது.

பட்டியலில் உள்ள மின்சார அலகுகளில் பார்த்தபோது டிசம்பரில் 7,000, மார்ச்சில் 13,400. வேறுபாடான 6,400 அலகை 1,600 கட்டிகளால் வகுத்தால் கட்டிக்கு 4 அலகு. டிசம்பரில் 1,000 கட்டிக்கு 4,000 அலகு போக எஞ்சும் 3,000 அலகுதான் தொட்டியைக் குளிராக வைத்திருக்கும் நிலையான பகுதி. இதைச் சரிபார்க்க 1,800 கட்டி விற்ற வேறொரு மாதத்தை எடுத்தோம். 10,200 அலகு வரவேண்டும். பட்டியலில் 10,350 இருந்தது. அந்தப் பொருத்தத்தைக் கண்டபோது ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. மின்மானி வாசிக்கும் திகதி மாத இறுதியில் வருவதில்லை. ஆகவே விற்பனைக் கொப்பியிலும் அதே திகதியிலிருந்து அதே திகதிவரை எண்ண வேண்டும். அடுத்தது, 2024 நவம்பர் இறுதி மழை வெள்ளத்தில் ஆலை முழுவதுமாக நின்ற நாட்கள் இருந்தபடியால், கட்டி மிகக் குறைந்த மாதம் நவம்பராக இருந்தும் அதை நாங்கள் எடுக்கவில்லை. தொட்டியே சூடேறிக் கிடந்த மாதம் நிலையான பகுதியைக் குறைத்துக் காட்டிவிடும்.

கணக்கு எளிதாக இருக்க அலகுக்கு 20 ரூபா என்று வைத்தால், கட்டிக்கு 80 ரூபாவும் மாதத்துக்கு 60,000 ரூபாவும் வரும். பங்களிப்பு 220, நிலையான கிரயம் 330,000, சமப்பாட்டுப் புள்ளி 1,500. முதல் அறிக்கையின் 1,370க்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லையே என்று நினைக்கலாம். வங்கி பார்ப்பது வாடைக்காற்றுக் காலத்தை. கடல் கொந்தளித்து 1,000 கட்டி மட்டும் போகும் மாதத்தில் முதல் அறிக்கை 73,000 ரூபா நட்டம் காட்டியது. உண்மையான நட்டம் 110,000. தவணைப் பணம் தடுமாறுவது அந்த மாதங்களில்தான்.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்றை எந்த அறிக்கையும் தொடவில்லை. கைத்தொழில் மின்னிணைப்பில் ஒப்பந்தக் கேள்வி, அதாவது ஒரே நேரத்தில் இழுப்பதற்கு உடன்பட்ட மின்சாரத்தின் அளவு, 42 கேவிஏயைத் தாண்டினால் வேறு கட்டண வகுப்பு. அதில் அலகுக் கட்டணத்தோடு அந்த மாதத்தின் உச்சக் கேள்விக்கும் தனிக் கட்டணம் உண்டு. எங்கள் கேள்வி 28 கேவிஏ. இரண்டு கொம்பிரசரும் சேர்ந்து ஓடினால் 56 ஆகும். மாதத்தில் ஒரு நாள் மட்டும் சேர்ந்து ஓடினாலும் அந்த உச்சத்துக்கே மாதம் முழுவதற்கும் பணம் கட்ட வேண்டும். கேவிஏக்கு 1,500 ரூபா என்று கொண்டால் 84,000. ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் சேர்த்துப் புதிய கொம்பிரசரை இயக்குபவரின் சம்பளம் 46,000, கடன் வட்டி 90,000. ஆக நிலையான கிரயம் 220,000 ரூபாவால் ஒரே படியில் ஏறி 550,000 ஆகிறது. சமப்பாட்டுப் புள்ளி 2,500க்குப் போகிறது.

அதிலும் 2,500 என்பது போதுமான இலக்கம் அல்ல. பழைய ஆலை முழு அளவில், அதாவது 2,600 கட்டி விற்கும்போதே எங்களுக்கு மாதம் 242,000 ரூபா மிஞ்சுகிறது. கடன் எடுத்த பின்னரும் அதே தொகை மிஞ்ச வேண்டுமென்றால் 792,000 ரூபாவை 220ஆல் வகுக்க வேண்டும்: 3,600 கட்டி. 2,600க்கும் 3,600க்கும் இடையில் விற்கும் ஒவ்வொரு மாதமும் கூடுதலாக உழைத்துக் குறைவாகச் சம்பாதிப்போம்.

இந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதி, பட்டியல்களின் பிரதிகளோடும் திகதி பொருத்திய விற்பனைக் கணக்கோடும் கொடுத்தோம். உத்தியோகத்தர் முதல்முறையாக உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்டார். படகுக்காரரிடமும் மீன் வாடிக்காரரிடமும் மேலதிக 1,000 கட்டிக்குக் கொள்வனவுக் கடிதம் வாங்கி வந்தால் கடன் குழுவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். நாங்களும் அதற்குக் குறைந்து கையொப்பமிடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். இதுவரை 700 கட்டிக்குக் கடிதம் கிடைத்திருக்கிறது.