வாடகை ரசீது, ஹவுஸ் ஓனர் பான் எண், கைக்கு வராமல் போன வரிச்சலுகை: சென்னையில் என் அனுபவம்

வாடகைக்கு இருப்பது உண்மை, மாதாமாதம் பணம் கொடுப்பது உண்மை, வங்கிக் கணக்கில் அதற்கு ஆதாரமும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் 2024-25 நிதியாண்டில் சம்பளத்தில் வீட்டு வாடகைக்கென்று வரும் ஹெச்.ஆர்.ஏ. படிக்கு எனக்குச் சேர வேண்டிய வரிவிலக்கை அலுவலகத்தில் தரவில்லை. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதச் சம்பளத்திலும் மாதம் 17,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாக வரி பிடித்துவிட்டார்கள். பிறகு கணக்குத் தாக்கல் செய்து பணத்தைத் திரும்ப வாங்கினேன் என்றாலும், அந்த இரண்டு மாதம் வீட்டை நடத்திய சிரமம் இன்னும் மனதில் இருக்கிறது. இதே இடத்தில் இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் மாத வாடகை 18,000. அடிப்படைச் சம்பளம் 40,000, ஹெச்.ஆர்.ஏ. 20,000, மற்றவை சேர்த்து மொத்தம் 80,000. ஹெச்.ஆர்.ஏ.வாகக் கைக்கு வந்த ஆண்டுத் தொகை 2,40,000. சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதுவும் 2,40,000. கொடுத்த வாடகை 2,16,000, அதில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதமான 48,000 கழித்தால் 1,68,000. மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. ஆக எனக்கு 1,68,000. பி.எஃப்., எல்.ஐ.சி., மருத்துவக் காப்பீடு எல்லாம் கழித்த பிறகு நான் பழைய வரி முறையில் இருபது சதவீதப் படியில் நிற்கிறேன். செஸ் சேர்த்தால் இந்த ஒரு விலக்கின் மதிப்பு 34,944 ரூபாய். புதிய வரி முறையில் ஹெச்.ஆர்.ஏ. விலக்கே கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஏப்ரலில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, 12பிபி படிவத்தில் வாடகையைக் குறித்துக் கொடுத்தேன். அதை நம்பி அலுவலகமும் மாதாமாதம் குறைவாகவே வரி பிடித்தது. ஜனவரியில் ஆதாரம் கேட்டார்கள். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

ரசீதுகளில் ஹவுஸ் ஓனர் கையெழுத்து இருந்தது, எந்த மாத வாடகை என்று இருந்தது, 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பும் ஒட்டியிருந்தது. பேரோல் பிரிவு திருப்பி அனுப்பியது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும். விதி அப்படித்தான், அதில் தவறில்லை. ஆனால் அந்த விதியை ஏப்ரலில், நாங்கள் வாடகைத் தொகையைக் குறிக்கும்போதே, ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். மாதம் 8,333 ரூபாய்க்கு மேல் வாடகை எழுதும் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும் என்று அவர்களுக்குத் தெரியும். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது கேட்டால் எப்படி?

எங்கள் ஓனர் ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ஆனால் பான் என்றதும் முகம் மாறிவிட்டது. “தம்பி, வாடகைக்கு விடும்போது இதெல்லாம் பேசலையே. என் பென்ஷனுக்கே வரி கட்டுறேன், இதையும் கணக்குல காட்டினா என்ன மிஞ்சும்?” என்றார். பேரோலில் இருந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவர் கொடுத்த யோசனை: “ஓனருக்குப் பான் இல்லைன்னு ஒரு டிக்ளரேஷன் வாங்கிட்டு வாங்க சார், போதும்.”

இதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பேர், முகவரியோடு அப்படி ஒரு உறுதிமொழி கொடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் அது உண்மையிலேயே பான் இல்லாதவர்களுக்கு. வரி கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பான் இல்லை என்று எழுதி வாங்கினால் அது பொய்ச் சான்று. கையெழுத்துப் போட்டவர், அதைத் தெரிந்தே சமர்ப்பித்தவர் என இரண்டு பேர் தலையிலும் அது விழும். நான் மறுத்துவிட்டேன்.

அன்று மாலை ஓனரிடம் மறுபடி போனேன். “பான் கொடுத்தால் வருமான வரித்துறைக்குத் தெரியுமா?” என்று நேராகக் கேட்டார். தெரியும் என்றுதான் சொன்னேன். அலுவலகம் தாக்கல் செய்யும் டி.டி.எஸ். கணக்கில் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் போகிறது. இதை மறைத்துப் பான் வாங்குவது நியாயமில்லை. அதற்குப் பதிலாக, உண்மையில் எவ்வளவு வரி வரும் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். வாடகை 2,16,000. வீட்டு வரி கட்டியிருந்தால் அதைக் கழிக்கலாம். அதை விட்டாலும் பராமரிப்புக்கென்று முப்பது சதவீதம், அதாவது 64,800, தானாகவே கழிகிறது. செலவு செய்தோம் என்று பில் எதுவும் காட்ட வேண்டாம். மிச்சம் 1,51,200 தான் வருமானம்.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, “வீடு எம்பேர்லதானே இருக்கு? அப்பா எனக்கு எழுதி வெச்சது” என்றார். அதுவரை எனக்கு அது தெரியாது. ஒப்பந்தம் போட்டது, கையெழுத்துப் போட்டது, பணம் வாங்கியது எல்லாமே சார்தான். அந்த ஒரு வாக்கியத்தில் நிலைமை மாறியது. அந்த அம்மாவுக்கு வங்கி வட்டி கொஞ்சம் வருகிறது, வேறு வருமானம் இல்லை. பழைய முறையில்கூட இரண்டரை லட்சம் வரை வரியே கிடையாது. அவர் பேரில் 1,51,200 காட்டினால் ஒரு ரூபாய் கூட வரி வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டைக் கணவர் தன் பணத்தில் வாங்கி மனைவி பேரில் சும்மா எழுதி வைத்திருந்தால், வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அந்த வாடகை கணவரின் வருமானம்தான். இவர்கள் விஷயத்தில் அம்மாவின் தந்தை கொடுத்த சொத்து என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. யார் பேரில் பத்திரம் என்பதோடு, பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சார் மனம் இறங்கினார். அம்மாவின் பான் அட்டை நகலைக் கொடுத்தார்கள். பெருமூச்சு விட்டபடி பதிவேற்றினேன். மறுநாள் மீண்டும் நிராகரிப்பு. பான் ஒரு பேரில், ரசீதில் கையெழுத்து இன்னொரு பேரில், ஒப்பந்தமும் அந்த இன்னொரு பேரில். சரி, திருத்தித் தருகிறேன், இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. அதற்குள் போர்ட்டலை மூடிவிட்டார்கள். நேரில் போய்க் கேட்டபோது, “சிஸ்டம்ல குளோஸ் ஆயிடுச்சு, ஐ.டி.ஆர்.ல கிளெய்ம் பண்ணிக்கோங்க” என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்கள். ஆண்டு முழுக்கக் கொடுத்த விலக்கை மொத்தமாக எடுத்து, மீதமிருந்த இரண்டு சம்பளத்தில் பிடித்தார்கள்.

அவர்கள் சொன்ன விதம் வருத்தமாக இருந்தாலும் சொன்ன விஷயம் சரி. அலுவலகம் ஏற்காததால் உரிமை போய்விடுவதில்லை. நான் காகிதங்களைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். ஒப்பந்தம் எழுதும் கடையில் பழைய தேதி போட்ட முத்திரைத்தாளில் அம்மா பேருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். முன்தேதியிட்ட பத்திரம் கேள்வி வரும்போது முதலில் நம்மைத்தான் கவிழ்க்கும். அதற்குப் பதிலாக அன்றைய தேதியிலேயே அம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கினேன்: வீடு எனக்குச் சொந்தமானது, என் சார்பில் என் கணவர் ஒப்பந்தம் செய்து, தன் வங்கிக் கணக்கில் வாடகை பெற்று வருகிறார், 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை 2,16,000 ரூபாய் பெற்றதை உறுதி செய்கிறேன் என்று. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கூடவே அம்மா பேரிலான வீட்டு வரி ரசீதின் நகல். புது ஒப்பந்தம் அடுத்த புதுப்பித்தலின்போது அம்மா பேரிலேயே போட்டோம்.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. வங்கிக் கணக்கில் மாதம் 20,000 போயிருக்கிறது, ரசீதில் 18,000. அந்த 2,000 மெயின்டனன்ஸ். அதை வாடகையாகக் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. இரண்டும் ஒரே தொகையாகப் போனதால் கடிதத்தில் அதையும் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டையும் தனித்தனியாக அனுப்புகிறேன், குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுகிறேன்.

ஃபார்ம் 16 வந்தபோது அதில் ஹெச்.ஆர்.ஏ. விலக்கு பூஜ்யம். ஐ.டி.ஆர்.1 தாக்கல் செய்யும்போது முதல் வேலையாகப் புதிய வரி முறை வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹெச்.ஆர்.ஏ. விலக்கே கிடைக்காது. அந்த ஆண்டுப் படிவத்தில் பணிபுரியும் ஊர், பெற்ற ஹெச்.ஆர்.ஏ., கொடுத்த வாடகை, அடிப்படைச் சம்பளம் எல்லாம் கேட்டு அதுவே கணக்கிட்டது. 1,68,000 சரியாக வந்து நின்றபோது அவ்வளவு நிம்மதி. ரசீது எதையும் இணைக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டால் காட்டுவதற்குக் கையில் இருக்க வேண்டும். கெடு தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். அதற்குப் பிறகு தாமதமாகத் தாக்கல் செய்தால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது, ரசீது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை. ரீஃபண்ட் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

2025-26 முதல் என் சம்பளத்துக்கு இந்தப் பாடே தேவையில்லை. புதிய முறையில் 12.75 லட்சம் சம்பளம் வரை வரி இல்லை. அதற்கு மேல் சம்பளம் வாங்கி, வாடகையும் அதிகம் கொடுத்து, பழைய முறையில் தொடர்பவர்கள் வீடு பார்க்கும்போதே, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, ஓனரிடம் மூன்று விஷயத்தைக் கேட்டுவிடுங்கள்: பத்திரம் யார் பேரில், ரசீதில் யார் கையெழுத்துப் போடுவார், பான் யாருடையதைத் தருவார். மூன்றுக்கும் ஒரே பேர் பதிலாக வந்தால் ஒப்பந்தத்திலும் அந்தப் பேரையே போட்டு, பான் எண்ணையும் அதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.