பாக்கியே இல்லாத ஐயாயிரம் ரூபாய்: சிபிலில் ஏறிய பொய்க் கணக்கை எடுக்க வைத்த கதை

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சிறிய வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, 2025 ஜனவரியில் லோனுக்காக பேங்க்கில் போய் உட்கார்ந்தேன். அந்த மேடம் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, "சார், கிரெடிட் கார்டுல 5,318 ரூபாய் ஓவர்டியூ நிக்குது, ஸ்கோர் 688 காட்டுது, இதை முடிச்சுட்டு வாங்க" என்றார். போன வருடம் பார்த்தபோது 780-க்கு மேல் இருந்தது. ஒரு தவணைகூடத் தவறாத ஆள் நான், கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அது என்ன பணம் என்று அங்கேயே புரிந்துவிட்டது. 2024 ஜூலை பில்லில் ஏதோ கார்டு பாதுகாப்புத் திட்டம் என்று 1,499 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 1,768 ரூபாய் 82 காசு போட்டிருந்தார்கள். நான் கேட்கவே இல்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன், ஏழு நாளில் ரிவர்ஸ் ஆகிவிடும் என்றார்கள், புகார் எண்ணும் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. நான் வாங்கிய சாமான்களுக்கான பணத்தை மட்டும் கட்டிவிட்டு கார்டைப் பீரோவில் வைத்தேன். ரிவர்ஸ் ஆகவில்லை. அடுத்த பில்லில் அதுவே பாக்கியாகி, மாதாமாதம் லேட் ஃபீஸ், வட்டி, அதற்கும் ஜிஎஸ்டி என்று வளர்ந்தது. வசூல் ஆட்கள் போன் செய்தபோதெல்லாம் "புகார் கொடுத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எழுத்தில் ஒரு வரி கொடுக்கவில்லை, இப்போது நினைத்தாலும் அதுதான் வருத்தம்.

என் கிரெடிட் ரிப்போர்ட்டை டவுன்லோடு செய்து பார்த்தேன். வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, காசு கட்டாதீர்கள். அதில் ஓவர்டியூ தொகை ஒரு பக்கம் இருக்கும். அதைவிட முக்கியமானது டிபிடி என்ற கட்டம், கட்ட வேண்டிய தேதியைத் தாண்டி எத்தனை நாள் ஆனது என்பதை மாதவாரியாகக் காட்டும். எனக்கு செப்டம்பர் 22, அக்டோபர் 53, நவம்பர் 83, டிசம்பர் 114. தொண்ணூறு நாளைத் தாண்டினால் வாராக்கடன் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். லோன் கொடுப்பவர் கண் முதலில் போவது இந்தக் கட்டத்துக்குத்தான்.

அக்கா வீட்டுக்காரர், "என்ன மாப்ள, அஞ்சாயிரம்தானே, கட்டித் தொலைச்சுட்டு வேலையைப் பாரு" என்றார். நானும் கிட்டத்தட்டக் கட்டியிருப்பேன். ஆனால் கட்டினால் ஓவர்டியூ மட்டும்தான் பூஜ்யமாகும், அந்த நாலு மாதக் கட்டங்கள் அப்படியே நிற்கும். பாதித் தொகை கொடுத்து செட்டில்மென்ட் போட்டால் இன்னும் மோசம், 'செட்டில்டு' என்ற முத்திரை விழும், அதைப் பார்த்தாலே பல பேங்க்குகள் பின்வாங்கும். லோன் அவசரம், கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் "இந்தத் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று முதலில் மெயில் போட்டுவிட்டுக் கட்டுங்கள்.

நான் முதலில் செய்தது தப்பு இல்லை, வரிசைதான் தப்பு. நேராக ரிப்போர்ட் கொடுத்த நிறுவனத்தின் தளத்தில் இந்தப் பதிவு தவறு என்று டிஸ்ப்யூட் போட்டேன். மூன்று வாரத்தில் 'கார்டு நிறுவனம் சரிபார்த்தது, மாற்றம் இல்லை' என்று பதில். ஏன் என்று பிறகுதான் விளங்கியது. கிரெடிட் ரிப்போர்ட் நிறுவனம் தானாக எதையும் திருத்தாது, நாம் சொன்னதைக் கார்டு நிறுவனத்துக்கு அனுப்பிக் கேட்கும். அங்கே இருப்பவர் தன் கணக்கேட்டைப் பார்ப்பார், அதில் 5,318 பாக்கி இருக்கிறது, 'சரிதான்' என்று பதில் போடுவார். கணக்கேடு மாறாமல் ரிப்போர்ட் மாறாது.

முப்பது நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. எனக்கு அது கிடைக்கவில்லை, ஏனென்றால் தவறான பதிலாக இருந்தாலும் கெடுவுக்குள் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் பிப்ரவரி 12-ம் தேதி கார்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன், அதே கடிதத்தைத் தலைமைத் தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் போட்டேன். ஜூலை புகார் எண், அந்த எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட், நான் கட்டிய பணத்தின் ரசீது எல்லாம் வைத்து, இந்தத் திட்டத்துக்கு நான் சம்மதம் கொடுத்த குரல் பதிவையோ ஓடிபி பதிவையோ காட்டுங்கள், இல்லையென்றால் அசல், லேட் ஃபீஸ், வட்டி, ஜிஎஸ்டி அனைத்தையும் திருப்புங்கள் என்று கேட்டேன். கூடவே ரிசர்வ் வங்கியின் 2022 கிரெடிட் கார்டு வழிகாட்டுதலை எடுத்துக் காட்டினேன். தகராறு நிலுவையில் இருக்கும்போது அது தீர்ந்த பிறகே தவணை தவறியதாக ரிப்போர்ட் செய்ய வேண்டும், அதற்கு முன் ஏழு நாள் அறிவிப்பும் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எனக்கு அப்படி ஒரு அறிவிப்பும் வரவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் பதில் வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' முழுத் தொகையையும் தள்ளுபடி செய்கிறோம் என்று. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அந்த வார்த்தைதான் உறுத்தியது. நல்லெண்ணம் என்றால் பாக்கி உண்மைதான், போனால் போகிறது என்று விடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? அப்படியே ஆனது. அடுத்த ரிப்போர்ட்டில் ஓவர்டியூ பூஜ்யம், 22, 53, 83, 114 அப்படியே.

நல்லெண்ணம் வேண்டாம், தவறாகப் போட்ட சார்ஜ் என்று எழுதிக் கொடுங்கள், செப்டம்பர் முதல் ஒவ்வொரு மாதத்தின் டிபிடியையும் 000 ஆக்குங்கள் என்று ஒரு அட்டவணை போட்டு மறுபடி மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. முதல் கடிதத்துக்கு முப்பது நாள் முடிந்ததும் மார்ச் 17 அன்று cms.rbi.org.in தளத்தில், வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் புகார் போட்டேன். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆனால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டதற்கு ஆதாரம் வேண்டும், அது இல்லாமல் போனால் திருப்பிவிடுவார்கள். மெயில்கள், ஒப்புகை அட்டை, ரிப்போர்ட்டில் அந்தக் கட்டத்தின் படம், எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி ஒரே பிடிஎஃப்பாக ஏற்றினேன்.

ஏப்ரல் நடுவில் கார்டு நிறுவனத்திலிருந்தே போன் வந்தது, அதுவரை கேட்காத பணிவான குரல். இரண்டு நாளில் கடிதம்: சார்ஜ் தவறுதலாகப் போடப்பட்டது, தொடர்புள்ள மாதங்களின் டிபிடி திருத்தப்படுகிறது.

இங்கே இன்னொன்று. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நாலு நிறுவனங்கள் இருக்கின்றன, உங்கள் பேங்க் எதைப் பார்க்கும் என்று நமக்குத் தெரியாது. மே முதல் வாரத்தில் நாலையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றில் நாலு மாதமும் 000. ஒன்றில் மட்டும் 83-ம் 114-ம் நின்றன. அங்கே அந்தக் கடிதத்தின் விவரத்தைக் குறிப்பிட்டு டிஸ்ப்யூட் போட்டேன், இந்த முறை கணக்கேடே சரியாக இருந்ததால் இரண்டு வாரத்தில் மாறிவிட்டது.

ஸ்கோர் 771-க்கு வந்தது. வீட்டை விற்பவரிடம் கெஞ்சி அட்வான்ஸ் கெடுவை இரண்டு முறை நீட்டியிருந்தேன், ஜூனில் லோன் சாங்ஷன் ஆனது. அந்த மேடம் இந்த முறையும் திரையைத் திருப்பிக் காட்டினார், நான் அந்தக் கட்டத்தை ஒவ்வொரு மாதமாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.