412 பேர் 187 பேர் ஆன மாதம்

நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 14 கிராமங்களில் முதியோருக்கான திட்டம் ஒன்றை நடத்துகிறது. கிராமத்துக்கு ஒரு தன்னார்வலர். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்து, ரத்த அழுத்தம் அளந்து, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, உதவித்தொகை வருகிறதா என்று விசாரித்து ஒரு படிவத்தில் எழுதுவார்கள். மாதம் மூன்று மருத்துவ முகாமும் நடக்கும். அங்கே வந்தவர்களுக்கு ஒரு கையெழுத்துத் தாள், தன்னார்வலர்களுக்கு ஒரு தாள். இந்த மூன்று வகைத் தாள்களும் மாத முடிவில் ஒரு மஞ்சப்பையில் என் மேசைக்கு வரும். நிதி தருகிறவர்களுக்கு 5-ஆம் தேதிக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் தாள்களை எண்ணிப் போடுவதுதான் வழக்கமாக இருந்தது. அந்த மாதம் வீட்டுச் சந்திப்புப் படிவம் 268, முகாமுக்கு வந்தவர்கள் 144. கூட்டினால் 412. "பயன்பெற்றோர்: 412" என்று எழுதி ஒருங்கிணைப்பாளர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நம்ம பதிவேட்டுலயே 203 பேருதானே இருக்காங்க? மீதி 209 பேரு யாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 412 என்பது ஆட்கள் இல்லை, தடவைகள். ஒரே பாட்டியைத் தன்னார்வலர் மாதம் இரண்டு முறை போய்ப் பார்த்திருப்பார், அந்தப் பாட்டி முகாமுக்கும் வந்திருப்பார். எண்ணிக்கையில் அவர் மூன்று பேர் ஆகிவிடுவார். அறிக்கைப் படிவமோ எத்தனை நபர்கள் என்றுதான் கேட்கிறது.

சரி, பெயரை வைத்து எண்ணிவிடலாம் என்று நினைத்தேன். எல்லாத் தாள்களையும் ஒரே விரிதாளில் ஏற்றினேன். ஒரு சேவைக்கு ஒரு வரி: தேதி, கிராமம், பெயர், வயது, என்ன செய்தோம், யார் செய்தார்கள். பிறகு பெயர்ப் பத்தியில் திரும்ப வருவதை விட்டுவிட்டு எண்ணச் சொன்னேன். 231 என்று வந்தது. மொத்தப் பதிவையும் விட அதிகம். புதிதாக 28 பேர் ஒரே மாதத்தில் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

உட்கார்ந்து ஒரு கிராமத்தின் வரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். "க. மாரியம்மாள்", "மாரியம்மாள் கருப்பையா", "மாரியாயி", "கருப்பையா சம்சாரம்". நான்கும் ஒரே ஆள். வீட்டுச் சந்திப்பில் தன்னார்வலர் பழகின பெயரை எழுதியிருக்கிறார். முகாமில் எழுதிய கல்லூரி மாணவருக்குப் பாட்டி தன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியிருக்கிறார். தலைப்பெழுத்தும் உதவவில்லை. சிலர் அப்பா பெயரின் எழுத்தைப் போடுகிறார்கள், சிலர் கணவர் பெயரின் எழுத்தை. இதற்கு நேர்மாறாக, அடுத்த தெருவில் மூன்று "மு. மாரியம்மாள்" இருக்கிறார்கள். அவர்களைக் கணினி ஒரே ஆளாக்கி வைத்திருந்தது. ஆக 231 என்பது இரண்டு பக்கமும் தவறு: ஒரே ஆள் பல பேராகவும், பல பேர் ஒரே ஆளாகவும் கலந்த எண்.

வயதை வைத்துப் பிரிக்கலாமா என்றால், அதுவும் முடியவில்லை. நம் ஊர்ப் பெரியவர்களிடம் வயது கேட்டால் 60, 65, 70 என்றுதான் வரும். ஒரே தாத்தா ஒரு தாளில் 68, இன்னொன்றில் 75. கைப்பேசி எண் பேரனுடையது, தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்து ஒன்றுதான்.

கண்ணுக்கே தெரியாத ஒரு சிக்கலும் இருந்தது. தமிழில் தட்டச்சு செய்கிற எல்லாருக்கும் உதவும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "கோவிந்தம்மாள்" என்ற பெயர் இரண்டு வரிகளில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தது, ஆனால் இரண்டு பேர் என்று எண்ணப்பட்டது. பின்னால் காலி இடம் இருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. உயிர்க்குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் LEN போட்டுப் பார்த்தபோது ஒன்றில் 13, இன்னொன்றில் 14 வந்தது. காரணம், "கோ" என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கலாம், அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாக இருந்து பக்கத்தில் பக்கத்தில் சேரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பட்டியலை மாற்றிக்கொண்டு வந்தபோது பிரிந்த வடிவம் வந்திருக்கிறது, நான் புதிதாக அடித்தவை சேர்ந்த வடிவத்தில் இருந்தன. இப்படிச் சரிசெய்தேன்:

```
=SUBSTITUTE(TRIM(C2),UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019))
```

இது "கோ", "மோ" போன்றவற்றுக்கு. "கொ", "பொ" போன்ற குறிலுக்கு 3015-க்குப் பதில் 3014, 3019-க்குப் பதில் 3018. பொன்னம்மாள், கோபால், ராமசாமி எல்லாம் கலந்த பட்டியலில் ஒகர ஓகாரப் பெயர்கள் மட்டும் இரட்டிப்பாகத் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆனாலும் பெயரைச் சுத்தம் செய்வதால் மூன்று மாரியம்மாள்களைப் பிரிக்க முடியாது. ஆளுக்கு ஓர் எண் கொடுத்தே ஆக வேண்டும். ஆதார் எண் வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்தோம். மஞ்சப்பையில் சுற்றும் தாள்களில் அது இருக்கவே கூடாது. கிராமத்துக்கு இரண்டு எழுத்து, அப்புறம் வீட்டுக்கு நாங்களே கொடுத்த மூன்று இலக்க எண், கடைசியில் அந்த வீட்டில் எத்தனையாவது முதியவர் என்பது. மாரியம்மாள் KP-017-2 ஆனார், கருப்பையா தாத்தா KP-017-1.

பழைய வரிகளுக்கு எண் போட நான்கு நாள் ஆனது. கிராமவாரியாகப் பட்டியலை அச்செடுத்து அந்தந்தத் தன்னார்வலருடன் உட்கார்ந்தேன். அவர்களுக்கு எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "இது மேட்டுத்தெரு மாரியம்மா, இது கோயில் பக்கத்து வீடு, இது ரெண்டும் ஒரே ஆளுங்க" என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார்கள். என் விரிதாளில் இல்லாத தகவல் முழுக்க அவர்கள் தலைக்குள் இருந்தது. எண்களை B பத்தியில் போட்டு முடித்த பிறகு கூகுள் ஷீட்ஸில் ஒரே சூத்திரம்தான்:

```
=COUNTUNIQUE(B2:B413)
```

187. வீட்டில் பார்த்தவர்கள் 158, முகாமுக்கு வந்தவர்கள் 119, இரண்டிலும் இருந்தவர்கள் 90. பதிவேட்டில் ஏற்கனவே இருந்தவர்கள் 171, புதியவர்கள் 16.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது அடுத்த எண். 203-இல் 171 போனால் 32. பதிவில் இருந்தும் அந்த மாதம் நாங்கள் யாருமே பார்க்காதவர்கள் 32 பேர். 412 என்று எழுதியிருந்தால் இந்த 32 பேரும் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள். பட்டியலை எடுத்துத் தொலைபேசியில் விசாரித்தோம். நான்கு பேர் இறந்துவிட்டிருந்தார்கள், படிவத்தில் அதை எழுத இடமே இல்லாததால் எங்களுக்குத் தெரியவில்லை. ஒன்பது பேர் திருப்பூர், சென்னை என்று பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆறு பேர் ஒரே தெரு, தன்னார்வலருக்கு அந்தத் தெருவில் ஒரு தகராறு, போவதை நிறுத்தியிருந்தார். மீதி 13 பேர் விடுபட்டிருந்தார்கள். அதில் ஒரு தாத்தா, மக்களைத் தேடி மருத்துவத்தில் கொடுத்த சர்க்கரை மாத்திரை தீர்ந்து மூன்று வாரமாகச் சும்மா இருந்தார்.

தன்னார்வலர் கணக்கிலும் இதே தவறுதான், சின்ன அளவில். கிராமத் தன்னார்வலர் 14, முகாம் தாளில் 31, மொத்தம் 45 என்று எழுதியிருந்தேன். முகாமில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒன்பது பேர் எங்கள் கிராமத் தன்னார்வலர்களே. மற்ற 22 பேர் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள். ஆக 36.

படிவங்களை ஒவ்வொன்றாகத் தொட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு கிராமத்திலிருந்து வந்த 11 படிவங்களில் ரத்த அழுத்தம் எல்லாமே 120/80, 130/80, 120/70. தானியங்கிக் கருவியில் அளந்தால் 137/83, 142/76 என்று எந்த இலக்கத்திலும் முடியும், எல்லாம் பூஜ்யத்தில் முடியாது. அறிக்கையில் "11 பேருக்கும் இயல்பு" என்று போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் உண்மையில் 160 இருக்கிற ஒருவரும் அந்தப் பதினொன்றில் இருக்கக்கூடும். மறுநாள் அந்தக் கிராமத் தன்னார்வலர் அக்காவுடன் நடந்தேன். மூன்றாவது வீட்டில் அவரே சொன்னார்: "மெஷின்ல பேட்டரி போயி ஒரு மாசம் ஆச்சும்மா. அளக்கலன்னு எழுதினா ஏதாவது சொல்வீங்களோன்னுதான்." நான்கு பேட்டரி வாங்கிப் போட்டோம். பதினொரு பேரையும் திரும்ப அளந்ததில் மூன்று பேருக்கு 140/90-க்கு மேல். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். படிவத்தில் "அளக்கவில்லை" என்று ஒரு கட்டமும், அதன் கீழே காரணம் எழுத ஒரு கோடும் சேர்த்தது அதற்கப்புறம்தான். அந்தக் கட்டம் வந்த பிறகு ஒவ்வொரு மாதமும் சிலர் அதில் குறியிடுகிறார்கள், எங்களுக்கும் எங்கே கருவி பழுது என்று உடனே தெரிகிறது.

தாமதமாக வரும் படிவங்களுக்கு ஒரு விதி வைத்தோம். சேவை நடந்த தேதிதான் மாதத்தைத் தீர்மானிக்கும், தாள் கைக்கு வந்த தேதி இல்லை. 3-ஆம் தேதிக்கு மேல் வருவது அடுத்த அறிக்கையில் "சென்ற மாதத் திருத்தம்" என்ற தனி வரியில் போகும். சேர்த்துப் புதைத்துவிட்டால் இரண்டு மாதத்தின் எண்ணும் கெடும்.

கடைசியாகச் செய்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. முந்தைய ஐந்து மாத அறிக்கைகளிலும் இதே தவறு இருந்தது. தாள்கள் இருந்தன, எண்களும் போட்டாகிவிட்டது, திரும்பக் கணக்கிட முடியும். மறைக்க வேண்டாம் என்றார் ஒருங்கிணைப்பாளர் அக்கா. பழைய எண், சரியான எண், வித்தியாசம் ஏன் வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினோம். பாதிக்கும் கீழே இறங்கிய எண்களைப் பார்த்து நிதியை நிறுத்திவிடுவார்களோ என்று நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அவர்களிடமிருந்து வந்த பதிலில் இரண்டு கேள்விகள்தான் இருந்தன. ஒன்று, நபர்களையும் தடவைகளையும் இனிமேல் தனித்தனி வரியில் தர முடியுமா என்பது. இன்னொன்று, பார்க்கப்படாத அந்த 32 பேரில் இப்போது எத்தனை பேரைப் பார்த்துவிட்டீர்கள் என்பது. அன்றைக்கு 19 பேர் வரை பார்த்திருந்தோம். தெருத் தகராறு தீராததால் அந்த ஆறு பேரைப் பக்கத்து ஊர் அக்கா போய்ப் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஊர் மாறிப் போனவர்கள் யார், இறந்தவர்கள் யார் என்ற பத்தியும் இப்போது பதிவேட்டில் இருக்கிறது. எண்ணை மட்டும் யாரும் அழிப்பதில்லை. KP-017-1 கருப்பையா தாத்தா இந்த ஆண்டு இறந்துவிட்டார். அவர் வரி அப்படியே இருக்கிறது, பக்கத்தில் தேதியோடு.