டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா? உள்ளூர் வெப்சைட் வேலையில் நான் கற்றுக்கொண்டது

நான் படித்தது பி.காம். ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே ராத்திரியில் freeCodeCamp என்ற இலவசத் தளத்தில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டேன். இவ்வளவை வைத்துக்கொண்டு காசு வாங்கி வேலை செய்யலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கும்பகோணம் மாதிரி ஊரில் ஒரு கிளினிக்குக்கோ டியூஷன் சென்டருக்கோ வெப்சைட் செய்ய இது தாராளமாகப் போதும். கோடு எழுதுவது இந்த வேலையில் சின்னப் பங்குதான், மீதியை எந்தப் பாடத்திலும் நான் பார்க்கவில்லை.

முதலில் வந்தது ஒரு குழந்தைகள் கிளினிக். டாக்டர் என்னிடம் காட்டியது சென்னையில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தளம். மேலே படங்கள் தானாக ஓடிக்கொண்டிருக்கும், கீழே 'எங்கள் நோக்கம்' என்று ஒரு பத்தி. இதே மாதிரி வேண்டும் என்றார். சரி சார், அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ரிசப்ஷன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அனுமதி கேட்டேன். போன் ஓயவே இல்லை. வந்த கேள்விகள் என்னவோ திரும்பத் திரும்ப அதே நாலைந்துதான். டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா, டோக்கன் எத்தனை மணிக்குத் தருவீர்கள், ஞாயிற்றுக்கிழமை உண்டா, தடுப்பூசி எந்தக் கிழமை, எந்தத் தெரு, எதற்கு எதிரில். அவ்வளவுதான். நோக்கம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை! அந்தக் கேள்விகளையும் அக்கா சொன்ன பதில்களையும் அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன், பக்கத்தின் மேல்பாதி அதுதான். ஓடும் படங்கள் போய், கிளினிக் வாசலின் ஒரே ஒரு படம் வந்தது, தேடி வருகிறவர்கள் போர்டைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளட்டும் என்று.

டாக்டருக்கு வெப்சைட் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நன்னடத்தை விதிகள் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன, அதன்படி மருத்துவர் விளம்பரம் செய்து நோயாளிகளைக் கவரக் கூடாது. நோயாளியின் சம்மதம் இல்லாமல், அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதும் கூடாது. நம்மைப் போன்றவர்கள் கைப்பழக்கத்தில் எழுதிவிடும் 'மாவட்டத்தின் நம்பர் 1', 'நூறு சதவீதம் குணம்' எல்லாம் பிறகு டாக்டரின் தலையில்தான் விடியும். ஆகவே பெயர், படிப்பு, கவுன்சில் பதிவு எண், நேரம், முகவரி, கட்டணம் என்று தகவலோடு நிறுத்திக்கொண்டேன். பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் போட வேண்டும் என்பது அதே விதிகளில் இருக்கிறது, எனவே தளத்திலும் போட்டுவிடுவது நல்லது. குழந்தைகள் சிரிக்கும் படங்களை டாக்டர் ஆசையாக அனுப்பியிருந்தார், அதையும் பேசிப் புரியவைத்து விட்டுவிட்டோம்.

பக்கத்தைப் பார்க்கப்போவது பெரும்பாலும் கையில் அழுகிற குழந்தையோடு நிற்கும் அம்மா, ஒரு சாதாரண போனில். அதனால் எல்லாவற்றிலும் முக்கியமான கோடு இந்த இரண்டு வரிதான்:

```html
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
<a href="tel:+91XXXXXXXXXX">கிளினிக்கை அழைக்க</a>
```

முதல் வரி இல்லையென்றால் போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். இரண்டாவதைத் தட்டினால் நேராக டயலுக்குப் போகும். படங்களில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போனில் எடுத்த படம் ஒன்றே 4, 5 எம்பி இருக்கும், அதை அப்படியே ஏற்றினால் சிக்னல் சுமாராக உள்ள இடத்தில் பக்கம் திறந்து முடிப்பதற்குள் ஆள் வேறு கிளினிக்குக்குப் போயிருப்பார். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து WebP என்ற பட வடிவத்துக்கு மாற்றினால் 150 கேபி அளவில் முடிந்துவிடும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நம் லேப்டாப்பில் நம் வைஃபையில் வேகமாகத் திறப்பதை நம்பக் கூடாது. நான் அக்காவின் போனை வாங்கி, மொபைல் டேட்டாவில், கிளினிக் உள்ளறையில் நின்று திறந்து பார்த்தேன்.

எல்லாத் தளத்திலும் 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று ஒரு படிவம் இருக்குமே, அதை வைக்கவில்லை. அந்த மெயிலைத் திறந்து பார்க்க அங்கே ஆள் கிடையாது, ஒரு வாரத்தில் குப்பை மெயில்தான் நிறையும், போதாததற்குக் குழந்தைக்கு என்ன நோய் என்று எழுதி அனுப்பினால் அதைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பும் நம்மேல் விழும். வாட்ஸ்அப் பட்டனையும் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார், நடுராத்திரியில் சளிக்கு மருந்து கேட்பார்கள் என்று. அவர் சொன்னது நியாயம்.

அடுத்தது லீவு. டாக்டர் கல்யாணத்துக்குப் போகிற நாளில் என்னைக் கூப்பிட்டுச் சொல்லவா போகிறார்? எனவே தளத்தில் வழக்கமான நேரத்தை மட்டும் வைத்து, அன்றன்றைய மாற்றத்தைக் கூகுள் மேப்பில் வரும் கிளினிக்கின் பிசினஸ் புரொஃபைலுக்கு விட்டுவிட்டேன். அதில் குறிப்பிட்ட தேதிக்கு மட்டும் விசேஷ நேரம் போடலாம், 'மூடியிருக்கும்' என்றும் குறிக்கலாம், அக்கா போனிலேயே செய்துவிடுகிறார். உண்மையைச் சொன்னால் உள்ளூர் கிளினிக்கைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்த மேப்பைத்தான், வெப்சைட் அதற்குப் பின்னால் நிற்கும் துணை. அந்த புரொஃபைலின் சரிபார்ப்புக்குக் கூகுள் ஒரு வீடியோ கேட்டது. தெரு, பெயர்ப் பலகை, பூட்டைத் திறந்து உள்ளே போவது என்று வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். புரொஃபைலின் உரிமையாளர் டாக்டரின் ஜிமெயில், நான் வெறும் மேனேஜர். அதை மாற்றி வைத்தால் பின்னால் இருவருக்கும் சங்கடம்.

பிறகு வந்தவர் ஒரு கணக்கு டியூஷன் வாத்தியார். அவர் கொடுத்தது அச்சகத்தில் நோட்டீஸ் அடித்த ஃபைல். காப்பி செய்து ஒட்டினால் 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் `jkpo;` என்று வந்து நிற்கிறது. பாமினி எழுத்துரு. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேஷம். யூனிகோடுக்கு மாற்ற இலவசக் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகும் கண்ணுக்குத் தப்பும் ஒரு பிழை உண்டு. டைப் செய்கிறவர்கள் 'ரி' அடிப்பதற்குப் பதிலாகக் காலைப் போட்டு அதன்மேல் கொக்கியை மாட்டிவிடுவார்கள், காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கன்வெர்ட்டர் அதை அப்படியே 'ஆசிாியர்' என்று தரும். கூர்ந்து பாருங்கள், நடுவில் ர இல்லை, துணைக்கால்தான் இருக்கிறது. மனிதன் படித்துவிடுவான், ஆனால் 'ஆசிரியர்' என்று தேடினால் அந்தச் சொல் அகப்படாது. எடிட்டரில் `ாி` என்று தேடி மொத்தமாக `ரி` என்று மாற்றிவிடுவதே வழி, அதேபோல் `ா்` என்று தேடி `ர்` என்று மாற்ற வேண்டும். இன்னொன்று, தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் சுழிகள் இருப்பதால் வழக்கமான வரி இடைவெளியில் நெருக்கியடித்துக்கொள்ளும், `line-height: 1.7` வைத்தபிறகுதான் படிக்க நிம்மதியாக இருந்தது.

வாத்தியாருக்கு வாட்ஸ்அப் நன்றாகவே பொருந்தியது. `https://wa.me/91XXXXXXXXXX` என்ற இணைப்பில் கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம் எதுவும் வரக் கூடாது. பின்னால் `?text=` சேர்த்து 'எந்த வகுப்பு, எந்த போர்டு' என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம், பெற்றோர் நிரப்பி அனுப்புகிறார்கள்.

மூன்றாவது, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் ஒருவர். அவருக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்ததாம், செய்து கொடுத்தவர் அதன் இணைய முகவரியான டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார், போனையும் எடுப்பதில்லை. அந்த டொமைன் காலாவதியாகி யாரோ வாங்கி, விசிட்டிங் கார்டில் உள்ள முகவரியைத் தட்டினால் என்னவோ விளம்பரம் வருகிறது. எல்லோருக்கும் நான் வைத்திருக்கும் கட்டாய விதி இதனால்தான்: டொமைன் அவர்கள் மெயிலில், அவர்கள் போன் நம்பரில், அவர்கள் பணத்தில், நான் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்வேன். முதல் வருடத் தள்ளுபடியைக் காட்டி இழுப்பார்கள், பார்க்க வேண்டியது புதுப்பிக்கும் விலையை. அதைப் பார்த்துவிட்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டச் சொல்கிறேன்.

பித்தளையைப் படம் எடுப்பது தனிக் கலை. வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் வெள்ளையாக வெந்துவிடும், வீட்டுக்குள் வைத்தால் தண்டில் என் முகமும் போனும் தெரியும். திண்ணை நிழலில், சுற்றிலும் வெள்ளை வேட்டியைக் கட்டி, தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தோம், அப்போதுதான் கடைசல் வரிகள் தெளிவாக வந்தன. விலை போடவில்லை. எடைக் கணக்கில் விற்கிற பொருள், பித்தளை விலை ஏறி இறங்கும், பழைய விலையைக் காட்டி வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். உயரம், தோராய எடை, எத்தனை முகம் என்று மட்டும் போட்டு, விலைக்கு வாட்ஸ்அப். வெளியூர்க்காரர்கள் அவரிடம் அதிகம் கேட்பது, கழற்றி எடுத்துப்போக முடியுமா என்று. அடிப்பாகம், தண்டு, தட்டு, மேலே அன்னம் எல்லாம் மரையில் சுற்றிக் கழற்றக்கூடியவை. பிரித்து வரிசையாகப் படுக்கவைத்த ஒரு படம் போட்டோம், அந்தக் கேள்வி பெருமளவு நின்றுபோனது.

காசு விஷயம். இப்படி ஒரு தளத்துக்கு 6,000 ரூபாய் வாங்குகிறேன், பாதி அட்வான்ஸ், தகவலும் படங்களும் கைக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்கும். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் 'அடுத்த வாரம் அனுப்புறேன் தம்பி' என்றே மாதம் ஓடும். தளத்தை இணையத்தில் வைக்கும் ஹோஸ்டிங்குக்குச் செலவு கிடையாது, வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்கள் என்பதால் கிளவுட்ஃப்ளேர் பேஜஸின் இலவசத் திட்டமே போதும். கிட்ஹப் பேஜஸிலும் வைக்கலாம்தான், ஆனால் வியாபாரத் தளத்தை நடத்த அதை இலவச ஹோஸ்டிங்காகப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே எழுதியிருக்கிறது, அதனால் என் பயிற்சிப் பக்கங்கள் மட்டும் அங்கே. பராமரிப்புக்கு வருடம் 1,500, அதில் நேரம், நம்பர், படம் மாற்றுவது அடங்கும், புதுப் பக்கம் அடங்காது. இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். வாத்தியார் அந்தத் தாளிலேயே ஒரு இலக்கணப் பிழையைச் சுழித்துக் கொடுத்துவிட்டுத்தான் அட்வான்ஸ் தந்தார்.