தொடையிலேர்ந்து அரிசி அளவு சதை எடுத்துக் கொடுத்த கதை

இங்கிலாந்துல எம்எஸ்சி படிச்சப்போ யூனிவர்சிட்டியில, ஜிம் போறவங்க பவுடரா கலக்கிக் குடிக்கிற கிரியேட்டின் பத்தின ஒரு ஸ்டடிக்கு ஆள் தேடினாங்க. நான் நாலு வருஷமா வெயிட் தூக்குறவன், பிறந்ததுலேர்ந்து சைவம், கிரியேட்டின் தொட்டதே கிடையாது. அவங்களுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேணுமாம். ரூம்மேட் திருநெல்வேலிக்காரன், தினமும் கறி மீன் இல்லாம சாப்பிட மாட்டான், அவனும் பேர் கொடுத்தான். ரெண்டு பேரும் ஒரே ஜிம், ஒரே ப்ரோகிராம். ஜிம்ல "கிரியேட்டின் ஏறிடுச்சு", "எனக்கு ஏறவே இல்ல"ன்னு சொல்றாங்களே, அது ஏறுச்சா இல்லையான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்கன்னு அங்கதான் முதல் தடவை நேர்ல பார்த்தேன்.

முதல்ல பயாப்ஸி. தொடையோட வெளிப்பக்க சதையில ஒரு இடத்துல முடியை மழிச்சு, பேனாவால குறிச்சு, மருந்து தடவி, மரத்துப்போற ஊசி போட்டாங்க, அந்த ஊசி தான் சுருக்குன்னு எரியும், அதுக்கப்புறம் தோல்ல ஒண்ணும் தெரியாது. பிளேடால சின்னதா ஒரு கீறல், தோலையும் அதுக்குக் கீழ சதையைப் போர்த்தியிருக்கிற உறையையும் தாண்டி. அதுக்குள்ள பென்சில் கனத்துல ஒரு ஊசி போகும். உள்ளீடற்ற குழாய், பக்கவாட்டுல ஒரு ஜன்னல், உள்ள சறுக்கி வெட்டுற கத்தி. பின்னாடி சிரிஞ்ச் வெச்சு இழுத்தா சதை ஜன்னலுக்குள்ள உறிஞ்சிக்கும், டக்குன்னு வெட்டிடுவாங்க. 1962ல ஸ்வீடன்ல யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார், இன்னிக்கும் ஊசிக்கு அவர் பேர்தான். வலின்னு சொல்ல முடியாது, ஆனா தோல் மரத்திருந்தாலும் சதை மரக்காது, உள்ளுக்குள்ள யாரோ கட்டைவிரலை வெச்சு ஆழமா அழுத்துற மாதிரி ஒரு கனம்.

முதல் துண்டு சுலபமா வந்துடுச்சு. ரெண்டாவது துண்டுக்கு அதே கீறல் வழியா வேற பக்கம் திருப்பி ஊசி விட்டாங்க, அப்போ நான் பயந்துபோய் காலை இறுக்கிட்டேன். சதை ஊசியைச் சுத்தி கட்டியா பிடிச்சிக்கிச்சு. "லூஸ் பண்ணுங்க, லூஸ் பண்ணுங்க"ன்னு பயாப்ஸி எடுத்த அம்மா பொறுமையா சொல்லிச் சொல்லி எடுத்தாங்க. வெளிய வந்தது ரெண்டும் ரெண்டு அரிசி மணி அளவுதான். ரத்தத்தை ஒத்தி எடுத்துட்டு உடனே லிக்விட் நைட்ரஜன்ல போட்டாங்க, புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அவ்ளோதான்.

அந்த ரெண்டு மணியை என்ன பண்ணுவாங்கன்னு கேட்டு, ஒரு நாள் லேப்ல கூட நின்னு பார்த்தேன். உறைஞ்ச துண்டுலேர்ந்து தண்ணிய மட்டும் வெற்றிடத்துல இழுத்து காய வைக்கிறாங்க. அப்புறம் மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வெச்சு, சின்ன இடுக்கியால ரத்தத் துணுக்கு, கொழுப்பு, நார்த்திசு எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பொறுக்கி எடுத்துட்டு மிச்சத்தைப் பொடி பண்றாங்க. நாம அரிசியில கல்லு பொறுக்குற மாதிரியே தான். காய வைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. ஈர சதையில முக்கால் பங்குக்கு மேல தண்ணி, கிரியேட்டின் ஏறினா தண்ணியும் கூடவே உள்ள போகும், ஈரத்தோட எடை போட்டா கணக்கு கலங்கிடும். அதனால தான் எல்லா நம்பரையும் ஒரு கிலோ காய்ஞ்ச சதைக்கு இத்தனை மில்லிமோல்னு சொல்றாங்க. பொடியை ஆசிட்ல கரைச்சு, என்சைம் சேர்த்து, அது ஒளியை எவ்ளோ உறிஞ்சுதுன்னு பார்த்து கணக்கு போடுவாங்க.

சதையில கிரியேட்டின் ரெண்டு ரூபத்துல இருக்கும். பாஸ்பேட் ஒட்டினது ஃபாஸ்போகிரியேட்டின், ஒட்டாதது ஃப்ரீ கிரியேட்டின். செட்டுல முதல் சில ரெப்புக்கு வேகமா சக்தி கொடுக்கிறது அந்த ஒட்டினது. எனக்கு முதல் துண்டுல ஒட்டினது 70, ஒட்டாதது 42, மொத்தம் 112. காலை இறுக்கின ரெண்டாவது துண்டுல ஒட்டினது 58, ஒட்டாதது 55, மொத்தம் 113. ஒரே கால், ஒரே கீறல், பத்து நிமிஷ இடைவெளி கூட இல்ல. எனக்குப் புரியல, மாதிரி கெட்டுப்போச்சான்னு கேட்டேன். "சதை இறுகினாலே, ஏன், ஊசி வெட்டும்போது நார் சுருங்கினாலே ஃபாஸ்போகிரியேட்டின் அந்தக் கணத்துல செலவாகிடும், ஆனா செலவானது ஃப்ரீயா அங்கேயேதான் கிடக்கும், அதனால நாங்க மொத்தத்தைத்தான் நம்புவோம்"னு சொன்னாங்க. என்னோட பயம் கூட நம்பர்ல பதிவாகியிருந்தது, மொத்தம் மட்டும் அசையல. அன்னிலேர்ந்து எந்த ஆராய்ச்சி பார்த்தாலும் அவங்க சொல்றது மொத்தமா இல்ல ஃபாஸ்போகிரியேட்டின் மட்டுமான்னு முதல்ல பார்க்கிறேன்.

மறுநாள் ஸ்கேனர். எம்ஆர்ஐ மெஷின்தான், ஆனா படம் எடுக்கல. கெண்டைக்கால் சதைக்குக் கீழ தட்டு மாதிரி ஒரு காயில் வெச்சு, பாஸ்பரஸோட சிக்னலை மட்டும் கேட்டாங்க. முடிஞ்சதும் ஸ்க்ரீன்ல காட்டினாங்க, ஒரு கோடு, அதுல சில மலைகள். நடுவுல உயரமா நிக்கிறது ஃபாஸ்போகிரியேட்டின், ஒரு பக்கம் மூணு சின்ன மலை, சதை நேரடியா செலவு பண்ற சக்தியான ஏடிபி, மறு பக்கம் ஒரு குட்டி மலை தனி பாஸ்பேட். அப்புறம் உள்ளயே படுத்துக்கிட்டு கால்ல ஒரு பெடலை ரெண்டு நிமிஷம் மிதிக்கச் சொன்னாங்க. உயரமான மலை கண்ணெதிர்ல படிப்படியா இறங்குச்சு, குட்டி மலை எழும்புச்சு, ஏடிபி அப்படியே நின்னுச்சு. மிதிக்கிறதை நிறுத்தினதும் முதல் அரை நிமிஷத்துல இறங்கினதுல பாதி திரும்ப ஏறிடுச்சு, மீதி அடுத்த ரெண்டு மூணு நிமிஷத்துல. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவுல நான் உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்துல கால்ல நடக்கிறது இதுதான்னு பார்த்தப்போ உண்மையிலயே சிலிர்த்துச்சு.

ஸ்கேனர்ல வெட்டு இல்ல, காயம் இல்ல, எத்தனை தடவை வேணாலும் எடுக்கலாம். ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. பாஸ்பரஸ் சிக்னல்ல ஃப்ரீ கிரியேட்டின் தெரியவே தெரியாது, அதுல பாஸ்பரஸே கிடையாதே. அதோட மலையோட உயரம் நேரா அளவு ஆகாது. ஏடிபி ஒரு லிட்டர் செல் தண்ணியில 8.2 மில்லிமோல் இருக்கும்னு வெச்சுக்கிட்டு, அதை விட இது எத்தனை மடங்குன்னு பார்த்துதான் கணக்கு. எனக்கு 4 மடங்கு, அப்போ சுமார் 33. அந்த 8.2 என் சதைக்கு சரியா இல்லன்னா 33ம் சரியில்ல. பாஸ்பரஸுக்குப் பதிலா ஹைட்ரஜனோட சிக்னலை, அதாவது புரோட்டான் சிக்னலைக் கேட்டா ரெண்டு ரூபமும் சேர்ந்து ஒரே மலையா வரும், மொத்தம் தெரியும், எது எவ்ளோன்னு பிரிக்க முடியாது.

அப்புறம் லோடிங், அதாவது அஞ்சு நாள், ஒரு நாளைக்கு 20 கிராம் கிரியேட்டின் பவுடர், நாலா பிரிச்சு சுடு தண்ணியில. மூணாம் நாள் எனக்கு வயிறு கொஞ்சம் கலங்குச்சு, அது தவிர ஒண்ணுமில்ல. எடை 1.2 கிலோ ஏறுச்சு. ஆறாம் நாள் மறு காலுல பயாப்ஸி. துண்டு ரெண்டும் 138, 142, சராசரி 140. 112லேர்ந்து 140, 28 ஏத்தம். அதுல ஒட்டினது 11 தான், மீதி 17 ஃப்ரீ. ஸ்கேனர்ல 4 மடங்கு 4.5 ஆச்சு. ஸ்கேனரை மட்டும் பார்த்திருந்தா ஏறினதுல பெரும்பகுதி கண்ணுல பட்டிருக்காது.

உட்கார்ந்து கணக்கு போட்டேன். 28 மில்லிமோல்னா ஒரு கிலோ காய்ஞ்ச சதைக்கு சுமார் 3.7 கிராம். எனக்கு சதை தோராயமா 30 கிலோன்னு வெச்சா காய்ஞ்ச கணக்குல 7 கிலோ, அப்போ உள்ள தங்கினது 26 கிராம் மாதிரி. நான் குடிச்சது 100 கிராம் மோனோஹைட்ரேட், அதுல தண்ணி போக கிரியேட்டின் 88. மூணுல ரெண்டு பங்குக்கு மேல பாத்ரூமுக்குத்தான் போயிருக்கு. 1992ல ஹாரிஸ், ஹல்ட்மன் குழு இந்த லோடிங்கை முதல்ல அளந்தப்பவும் முதல் ரெண்டு நாள்லதான் அதிகமா ஏறுச்சு, அப்புறம் சிறுநீர்ல போற பங்கு கூடிக்கிட்டே போச்சு. 1996ல ஹல்ட்மன் குழு காட்டினது இன்னும் நேரானது: ஒரு நாளைக்கு 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தவங்களும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துட்டாங்க. பவுடர் செலவு பெருசா மிச்சமாகாது, 84 கிராமும் 100 கிராமும் பக்கம் பக்கம்தான், ஆனா வயிறு தப்பிக்கும். மேட்ச் நாளைக்கு இல்லன்னா அவசரம் எதுக்கு?

ரூம்மேட் ரிசல்ட் வந்தப்போ தான் கஷ்டமா போச்சு. 147லேர்ந்து 153, ஏத்தம் 6. ஏத்தம் 20க்கு மேலன்னா ரெஸ்பான்டர், 10க்குக் கீழன்னா நான்-ரெஸ்பான்டர்னு 2004ல சைரோடூயிக், பெல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கோடு அது, அவங்க பார்த்த 11 பேர்ல 3 பேர் மேல, 3 பேர் கீழ. இவன் "மச்சான், என் உடம்புக்கு இது ஒத்துக்காது போல"ன்னு முகத்தைத் தொங்கப் போட்டுட்டான். ஒத்துக்காம இல்லடா, சதைக்கு ஒரு உச்சம் இருக்கு, 150, 160 கிட்ட நின்னுடும். அவன் தட்டுல இருந்த கறியும் மீனும் அவனை ஏற்கனவே அங்க கொண்டுபோய் விட்டிருக்கு. லோடிங் முடிச்ச நான் 140, லோடிங்குக்கு முன்னாடியே அவன் 147. அந்த 11 பேர்லயும் ஏறாதவங்க ஆரம்பத்துலயே அதிகமா இருந்தவங்கதான். இன்னொண்ணும் இருக்கு, ஒரே கீறல்ல எடுத்த என் ரெண்டு துண்டுக்கே 4 வித்தியாசம் வந்துச்சு. அப்போ 9க்கும் 11க்கும் நடுவுல கோடு கிழிச்சு ஒருத்தனுக்குப் பேர் வைக்கிறதை ரொம்ப கவனமாத்தான் எடுத்துக்கணும்.

நம்ம ஊர்ல ஜிம் போறவங்க யாரும் தொடையை வெட்டிக்கிட்டுப் பார்க்கப் போறதில்ல, பார்க்கவும் வேணாம். ஆனா வேற எதையும் அளவுன்னு நினைச்சுக்க வேணாம்னு கேட்டுக்கிறேன். எடை ஏறுறது பெரும்பாலும் தண்ணி, அந்த 1.2 கிலோவுல கிரியேட்டின் வெறும் 26 கிராம். ரத்த டெஸ்ட்ல வர்ற கிரியேட்டினின் வேற பொருள், கிரியேட்டின் உடைஞ்சு வர்ற கழிவு, பவுடர் எடுக்கிறப்போ அது கொஞ்சம் கூடலாம், அதனால டெஸ்டுக்குப் போனா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க. சைவம் சாப்பிடுறவங்க, முக்கியமா நான் உங்களுக்குத்தான் எழுதுறேன், நம்ம சதையில சராசரியா கம்மியாத்தான் இருக்கும், அதனால ஏற இடமும் அதிகம்.

கடைசி பயாப்ஸி, பவுடரை நிறுத்தி அஞ்சு வாரம் கழிச்சு. இந்தத் தடவை காலை இறுக்கல. 114. போட்டதெல்லாம் மெதுவா இறங்கி பழைய இடத்துக்கே வந்துடுச்சு. அன்னிக்கு சாயங்காலம் தொடையில கட்டோட நொண்டி நொண்டி கடைக்குப் போய் சாதா மோனோஹைட்ரேட் ஒரு டப்பா வாங்கினேன், ரூம்மேட்டும் கூட வந்தான், அவன் எதுவும் வாங்கல, போற வழியில மீன் வாங்கினான்.