பில்லிலும் செக்கிலும் தொகையைத் தமிழ் எழுத்தில் அச்சடித்த அனுபவம்

காரைக்குடி பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் ஒரு பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் பில்லில் தொகையை ஆங்கிலத்தில் எழுதினால் போதும். ஆனால் மணல் கொண்டுவருபவர், வண்டிக்காரர், பழைய வீட்டைப் பழுது பார்க்கும் ஆச்சிமார் எல்லாரும் தமிழில் இருந்தால்தான் ஒரு தடவை படித்துச் சரிபார்ப்பார்கள். அதனால் எக்செல்லில் பில்லுக்கு இரண்டு மொழியிலும், செக்குக்கு ஏதாவது ஒரு மொழியிலும் தொகை தானாகவே எழுத்தில் வரும்படி செய்தேன்.

செக்கில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆம் பிரிவு: எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தில் உள்ளதுதான் தொகை. செக்கை ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி எதில் வேண்டுமானாலும் நிரப்பலாம். ஆகவே தமிழில் எழுதுவதற்குத் தடையில்லை. ஆனால் எழுதுவது பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

ஆங்கிலப் பாகம் சீக்கிரம் முடிந்தது. தொகையைக் கோடி, லட்சம், ஆயிரம், நூறு, மிச்சம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சொல்லை வரிசையாக வைத்தால் சரி. தமிழில் அது நடக்காது. பின்னால் இன்னொரு எண் தொடர்ந்தால் முன்னால் நிற்கும் சொல் உருமாறிவிடும். நூறு ‘நூற்று’ ஆகும், ஆயிரம் ‘ஆயிரத்து’ ஆகும், எண்பது ‘எண்பத்து’ ஆகும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வடிவம் தேவை. நிற்கும் வடிவம் ஒன்று, தொடரும் வடிவம் ஒன்று. மிச்சம் பூஜ்யமா என்று பார்த்து இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும்.

இந்தச் சொற்களை மேக்ரோவுக்குள்ளேயே எழுதலாம் என்று `Alt+F11` அழுத்தித் திறந்தால், அந்த எடிட்டரில் தமிழ் வெறும் கேள்விக்குறிகளாகத்தான் விழுகிறது. எக்செல் தாளில் தமிழ் நன்றாக வரும், மேக்ரோ எழுதும் இடத்தில் வராது. இதற்கு எளிய வழி, ‘சொல்’ என்று ஒரு தனித் தாள் வைத்து, எண், நிற்கும் சொல், தொடரும் சொல் என மூன்று பத்திகளில் அட்டவணை போட்டு, மேக்ரோவை அங்கிருந்து படிக்கச் சொல்வது. ஒன்று முதல் பத்தொன்பது வரை, பிறகு பத்துகள், நூறுகள், ஆயிரம், லட்சம், கோடி. அவ்வளவுதான் அட்டவணை. பிழை இருந்தாலும் தாளில் திருத்தினால் போதும், மேக்ரோவைத் தொட வேண்டாம்.

அடுத்தது புணர்ச்சி. நாற்பத்து என்பதும் ஏழு என்பதும் சேர்ந்தால் நாற்பத்தேழு. அதோடு ஆயிரம் சேர்ந்தால் நாற்பத்தேழாயிரம். இதற்கெல்லாம் தனித்தனியாகச் சொல் தட்ட வேண்டியதில்லை. யூனிகோடில் ஆ முதல் ஔ வரையுள்ள ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் அதன் துணைக்குறிக்கும் இடையே சரியாக 56 எண் வித்தியாசம். முதல் சொல்லின் கடைசி உகரக் குறியை நீக்கிவிட்டு, அடுத்த சொல்லின் முதல் உயிரோடு 56 கூட்டி ஒட்டினால் புணர்ச்சி முடிந்தது.

```vba
Function Inai(a As String, b As String) As String
  Dim c As Long
  c = AscW(b)
  If AscW(Right(a, 1)) = &HBC1 And c >= &HB86 And c <= &HB94 Then
    Inai = Left(a, Len(a) - 1) & ChrW(c + 56) & Mid(b, 2)
  Else
    Inai = a & " " & b
  End If
End Function
```

இந்த ஒரு பங்ஷனை இரண்டே இடத்தில்தான் பயன்படுத்துகிறேன்: பத்தோடு ஒன்றின் இடத்தைச் சேர்க்கும்போதும், ‘ஆயிரம்’ சேர்க்கும்போதும். லட்சத்து, ஆயிரத்து, நூற்று ஆகியவற்றுக்குப் பின் இடைவெளி விடுகிறேன். எல்லாவற்றையும் ஒட்டினால் செக்கில் வரி உடைய இடமே இருக்காது.

வம்பு செய்வது ‘ஒன்று’தான். இருபத்தொன்று என்பது தனியாக நிற்கும்போது சரி. ஆனால் லட்சத்துக்கு முன் அது இருபத்தொரு லட்சம், ஆயிரத்துக்கு முன் இருபத்தோராயிரம். விதியை மட்டும் நம்பினால் ‘இருபத்தொன்றாயிரம்’ என்று வரும். அட்டவணையில் 1, 11 ஆகிய இரண்டு வரிசைக்கு மட்டும் கூடுதலாக இரண்டு பத்தி சேர்த்தேன். ஒன்றுக்கு ‘ஒரு’, ‘ஓராயிரம்’. பதினொன்றுக்கு ‘பதினொரு’, ‘பதினோராயிரம்’. 21 முதல் 91 வரை மற்றதெல்லாம் மேலே உள்ள பங்ஷனே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் ஒன்பது. 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம், 90,000 தொண்ணூறாயிரம். அட்டவணை தட்டுகிறவர்கள் 900க்கு நேராகத் தொண்ணூறைப் போட்டுவிடுவது சகஜம், பெயரைக் கேட்டால் நூறு போலத்தானே இருக்கிறது. ஆகவே யார் இதைச் செய்தாலும் முதலில் 9, 90, 99, 990, 9,009, 90,900 ஆகிய தொகைகளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்தத் தொகைகள் சரியாக வந்தால் ஒன்பது வரும் இடங்கள் பெரும்பாலும் சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்டறைக்கு அவ்வப்போது வரும் பழைய கணக்கப்பிள்ளை ஒருவரிடம் 1,21,906 ரூபாய் பில்லைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகவே வாசித்தார். “ஆயிரத்து தொள்ளாயிரத்து... இடையில ஒரு த் வரணுமே தம்பி” என்றார். அவர் சொன்னது சரி. த்து, ற்று என்று முடியும் தொடர் வடிவத்துக்குப் பின் ப அல்லது த வந்தால் அந்த வல்லினம் மிகும்: லட்சத்துப் பத்தாயிரம், நூற்றுப் பன்னிரண்டு. தொடர் வடிவத்துக்குப் பின் வரும் எண்ணுப் பெயர்களில் வல்லினத்தில் தொடங்குவது இந்த இரண்டெழுத்தில்தான் என்பதால் ஒரே ஒரு நிபந்தனை சேர்த்ததும் தீர்ந்தது. இப்போது அந்தப் பில் இப்படி வருகிறது:

```
Rupees One Lakh Twenty One Thousand Nine Hundred Six Only
ரூபாய் ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு மட்டும்
```

செக்குக்கு இதில் இரண்டு மாற்றம். செக்கில் ‘ரூபாய்’ என்பது ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஏற்கெனவே அச்சாகியிருக்கும், அதனால் முதல் சொல்லை விட்டுவிட வேண்டும். இன்னொன்று பாதுகாப்பு. 1,250 ரூபாய்க்கு ‘ஆயிரத்து இருநூற்று ஐம்பது’ என்பது பேச்சுக்குச் சரி, செக்கில் சரியில்லை. முன்னால் ஒரு சொல்லுக்கு இடமிருந்தால் தொகையே மாறிவிடும். பில்லில் ‘ஆயிரத்து’ என்றே விட்டாலும் செக்கில் ‘ஓராயிரத்து’ என்றும், நூறுக்கு ‘ஒரு நூறு’ என்றும் வரவைத்தேன். அச்சான ‘ரூபாய்’ முடிந்த இடத்திலிருந்தே, இடைவெளி விடாமல் தொடங்க வேண்டும். ‘மட்டும்’ என்றதற்குப் பின் வரி முடியும்வரை கோடு.

தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும். லதா எழுத்துருவில் பெரிய தொகைகள் முதல் வரியில் அடங்கவில்லை, நிர்மலாவுக்கு மாற்றிய பிறகு ஓரளவு அடங்கியது. இரண்டாம் வரி வலப்பக்கம் தொகைக் கட்டத்தில் முட்டும் என்பதால் அதற்குக் குறைவான அகலம் கொடுத்து, இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் வரியை உடைக்கச் செய்தேன். இப்போதைய செக்கின் அளவு 202 மில்லிமீட்டருக்கு 92. அதைப் பிரிண்டரில் தனித் தாள் அளவாகப் பதிந்துவைத்தால்தான் எழுத்து இடம் மாறாமல் விழும். அடித்துத் திருத்திய செக் கிளியரிங்கில் ஏற்கப்படாது, தேதியைப் புதுப்பிக்கும் திருத்தம் மட்டும் விலக்கு. அதனால் புதிய செக் புத்தகம் வந்ததும் ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்து, அதே அளவுக்கு வெட்டி, ஒரு நீளமான தொகையை அதில் அடித்துப் பார்த்த பிறகே உண்மையான செக்கைப் பிரிண்டரில் வைக்கிறேன்.